எந்த மழை இது? மலையகத்தில் மழையின் வகையைப் பிரித்தறியும் முறை

யூலை மாதத்தில் நானுஓயாவிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதத்தில் ஏறி அமர்ந்தால், அம்பேவெல, பட்டிப்பொல வரை யன்னலுக்கு வெளியே மூடுபனியும் தூறலும் கூடவே வரும். பட்டிப்பொலவைத் தாண்டியதும் புகையிரதம் ஒரு சுரங்கப் பாதையினுள் நுழையும். அதைக் கடந்து ஓகிய பக்கம் வெளியே வரும்போது, பல நாட்களில் வானம் திறந்து வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சில நிமிடப் பயணத்தில் பருவமே மாறியது போன்ற இந்த அனுபவத்தை மலையகத்தவர் பலரும் கண்டிருப்பார்கள். அதற்கான காரணத்தை முழுமையாக விளங்கிக்கொண்டவர், மூவகை மழையில் மிகக் கடினமான பகுதியைக் கற்றுவிட்டார் எனலாம்.

மேற்காவுகை மழை, மலையியல் மழை, முகப்பு மழை என்ற மூன்றையும் புவியியல் படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் தோற்றத்தைக் கொண்டே நினைவில் வைக்கிறார்கள். இடி இடித்தால் மேற்காவுகை மழை, மலையில் பெய்தால் மலையியல் மழை, நாள் முழுவதும் பெய்தால் முகப்பு மழை என்று குறித்துக்கொள்கிறார்கள். மலையகத்தில் பெய்யும் மழை எல்லாமே மலையில்தான் பெய்கிறது என்பதால், இந்த விதி இங்கே முதல் நாளிலேயே உடைந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மழைக்குக் காரணமான காற்றை மேலே தூக்கியது எது?

மூன்று வகைக்கும் அடிப்படை ஒன்றே. மேலே எழும் காற்று, தன்னைச் சுற்றியுள்ள அமுக்கம் குறைவதால் விரிந்து குளிர்கிறது. முகில் உருவாகாத வரை ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் குறையும். பனிபடுநிலையை அடைந்ததும் நீராவி ஒடுங்கி முகிலாகிறது; அப்போது வெளியேறும் மறைவெப்பம் காற்றைச் சற்றுச் சூடாக்குவதால், அதன் பின்னர் குளிரும் வேகம் பாதியளவாகிவிடுகிறது. இந்த இரண்டு வேகங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அவற்றைக் கொண்டு ஒரு கணக்குச் செய்யப்போகிறோம். தூக்கும் கை மட்டுமே வகைக்கு வகை வேறுபடுகிறது. மேற்காவுகை மழையில் சூடான நிலம் அடியிலிருந்து தூக்குகிறது. மலையியல் மழையில் வேறெங்கோ பிறந்த காற்று மலைச்சரிவில் மோதி ஏறுகிறது. முகப்பு மழையில் கனமான குளிர்ந்த வளித்திணிவின் மேல் இலேசான சூடான வளித்திணிவு ஏறிச் செல்கிறது.

முதற்படி: ஒரு குறிப்பேடும் ஒரு மழைமானியும்

அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேராக நிற்கும் தகரப் பேணி அல்லது கண்ணாடிப் பாத்திரம் ஒன்று போதும். அதில் தேங்கிய நீரின் ஆழத்தை அளவுகோலால் மில்லிமீற்றரில் அளந்தால் அதுவே மழைவீழ்ச்சி. கழுத்துச் சுருங்கிய போத்தலை அப்படியே பயன்படுத்தினால் கணக்குப் பிழைக்கும். வாயின் பரப்பும் உடலின் பரப்பும் வேறாக இருப்பதால் ஆழம் மழையைக் காட்டாது. பாத்திரத்தைத் திறந்த வெளியில், அருகிலுள்ள மரத்தின் அல்லது கூரையின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். நான் முதன்முதலில் வைத்த பேணி லயத்துக் கூரையின் ஓரத்தில் இருந்தது. பலத்த காற்று வீசிய நாட்களில் கூரைத் தண்ணீரும் சிதறி அதில் விழுந்தது. ஒரு பருவம் முழுவதும் எழுதிய அளவுகளைத் தோட்ட அலுவலகத்து மழைமானியின் அளவுகளோடு ஒப்பிட்ட பிறகே அது எனக்குத் தெரியவந்தது, எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியதாயிற்று.

நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதுங்கள். அளவை விட முக்கியமானவை அதன் பக்கத்தில் எழுத வேண்டிய நான்கு குறிப்புகள்: மழை தொடங்கிய நேரம், நின்ற நேரம், அதற்கு முன்னர் காற்று வீசிய திசை, இடி கேட்டதா இல்லையா என்பது. பக்கத்து ஊரில் இருக்கும் ஒருவரிடம் அங்கே பெய்ததா என்று கேட்டு அதையும் எழுதினால், வகையைப் பிரிப்பதற்கு வேண்டியவை ஏறக்குறைய எல்லாமே கையில் இருக்கும்.

இரண்டாம் படி: மாதத்தைப் பாருங்கள்

இலங்கையின் மழை ஆண்டு நான்கு பருவங்களாகப் பிரிக்கப்படுகிறது. மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவக்காற்றுக் காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவக்காற்றுக் காலம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இடைப்பருவக் காலங்களில் பெருங்காற்று ஓய்ந்திருப்பதால் நிலத்தின் வெப்பம் ஆட்சி செய்கிறது. பருவக்காற்றுக் காலங்களில் கடலிலிருந்து வரும் காற்றும் மலையின் வடிவமும் ஆட்சி செய்கின்றன. மாதம் தீர்ப்புச் சொல்லிவிடாது, ஆனால் எந்த வகையை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று அது காட்டும்.

மூன்றாம் படி: மேற்காவுகை மழையின் அடையாளம்

ஹற்றன் பக்கத்தில் ஏப்ரல் மாதத்து ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு வானம் தெளிந்து சிவனொளிபாதமலை கூர்மையாகத் தெரிகிறது. காற்றே இல்லை, தேயிலைச் செடியின் இலை அசையவில்லை. பத்தரை மணியளவில் மலைமுகடுகளுக்கு மேலே மட்டும் பஞ்சுப் பொதி போன்ற சிறு திரள் முகில்கள் தோன்றுகின்றன. பள்ளத்தாக்கின் மேல் வானம் இன்னும் நீலமாகவே இருக்கிறது. வெயில் படும் சரிவுகள், அதே உயரத்தில் பள்ளத்தாக்கின் நடுவே மிதக்கும் காற்றைக் காட்டிலும் விரைவாகச் சூடாகி, தம்மேல் உள்ள காற்றைச் சரிவு வழியாக மேலே அனுப்புவதே இதற்குக் காரணம். நண்பகலில் அந்த முகில்கள் கோவாப்பூ போலக் கொத்துக் கொத்தாக உயர்ந்து, அடிப்பகுதி கறுத்து வருகின்றன. பிற்பகல் இரண்டு மணியளவில் திடீரென ஒரு குளிர்ந்த காற்று மேலிருந்து இறங்கி வீசுகிறது. கொழுந்து பறிப்பவர்கள் படங்குச் சேலையை இறுக்கிக் கட்டுவதும் இந்த வேளையில்தான். ஐந்து, பத்து நிமிடங்களில் பெரிய பெரிய துளிகளாக மழை கொட்டத் தொடங்குகிறது. மின்னலும் இடியும் சேர்ந்து வருகின்றன. ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கி, மாலை வெயில் கூட எட்டிப் பார்க்கலாம்.

மழைக்கு முன்னே வரும் அந்தக் குளிர்ந்த காற்றைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். முகிலிலிருந்து விழும் நீர்த்துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகி, சுற்றியுள்ள காற்றைக் குளிரச் செய்கிறது. குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே விழுந்து, தரையில் பட்டு எல்லாப் பக்கமும் பரவுகிறது. மழை ஏன் சீக்கிரம் நின்றுவிடுகிறது என்பதற்கும் இதுவே விடை: விழும் குளிர்ந்த காற்று, முகிலுக்கு உணவளித்துக்கொண்டிருந்த சூடான காற்றின் வழியை அடைத்துவிடுகிறது. தனக்கு வேண்டிய எரிபொருளைத் தானே நிறுத்திக்கொள்ளும் மழை இது. அதனால்தான் நான்கு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் தோட்டத்தில் அதே பிற்பகலில் ஒரு துளி கூட விழாமல் இருக்கவும் கூடும்.

வெயில் கடுமையாக இருந்தால் மாலையில் மழை நிச்சயம் என்று நினைப்பது தவறு. பெப்ரவரியில் நுவரெலியாவில் இரவு வானம் தெளிந்து, விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. பகலில் வெயிலும் நன்றாக அடிக்கிறது. ஆனாலும் மழை வருவதில்லை. காற்று வறண்டிருப்பது ஒரு காரணம். மேலே உள்ள காற்று, எழும் காற்றை விடச் சூடாக இருந்து மூடி போலத் தடுப்பது இன்னொரு காரணம். வெப்பம், போதிய ஈரம், மேலே போகப் போக விரைவாகக் குளிரும் நிலையற்ற வளிமண்டலம், பலவீனமான காற்று ஆகிய நான்கும் ஒன்று சேர்ந்தால்தான் மேற்காவுகை மழை பிறக்கும். யூலையில் வெயில் காய்ந்தாலும் ஏப்ரல் போல இடிமழை எளிதில் உருவாகாமல் இருப்பதற்கு, தென்மேல் பருவக்காற்றின் வேகம் வளரும் முகிலைச் சாய்த்துக் கலைத்துவிடுவது ஒரு முக்கிய காரணமாகும்.

நான்காம் படி: மலையியல் மழையைக் கணக்கால் காணுதல்

யூன், யூலையில் கொழும்புக் கரையில் கடலிலிருந்து வரும் காற்றின் வெப்பநிலை 29 பாகை, அதன் பனிபடுநிலை 24 பாகை என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை 125 ஆல் பெருக்கினால் முகிலின் அடி உயரம் மீற்றரில் கிடைக்கும் என்பது வானிலையாளர் பயன்படுத்தும் எளிய வாய்பாடு. 5 × 125 = 625 மீற்றர். அதாவது கினிகத்தேனைக்கு ஏறும் வழியிலேயே காற்று முகிலாகத் தொடங்கிவிடுகிறது. அந்த உயரத்தில் அதன் வெப்பநிலை 29 இலிருந்து 6.25 குறைந்து, ஏறத்தாழ 22.8 பாகை; ஏறும்போது அமுக்கம் குறைவதால் பனிபடுநிலையும் 24 இலிருந்து சற்றுக் குறைந்து இதே அளவுக்கு வந்திருக்கும். இதற்கு மேல் மறைவெப்பம் வெளியேறுவதால், இவ்வளவு வெப்பமான ஈரக்காற்று 100 மீற்றருக்கு 0.45 பாகை அளவே குளிரும். 2000 மீற்றர் உயரமான முகட்டை அடையும்போது இன்னும் 6.2 பாகை குறைந்து 16.6 ஆகியிருக்கும்.

இனி ஈரத்தின் கணக்கு. கரையில் அந்தக் காற்றின் ஒவ்வொரு கிலோகிராமிலும் ஏறத்தாழ 19 கிராம் நீராவி இருந்தது. முகட்டில் 16.6 பாகையில் அது தாங்கக்கூடியது 15 கிராம் மட்டுமே. மீதி 4 கிராமும் நீராகிவிட்டது. அது முழுவதும் மழையாக விழுந்தது எனக் கொள்வோம். ஒரு கிலோகிராமுக்கு 4 கிராம் என்பது அற்பமாகத் தோன்றும். ஆனால் பருவக்காற்று இரவு பகலாக, வாரக்கணக்கில், ஓயாமல் புதிய காற்றை அதே சரிவில் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. வட்டவளையில் இடியில்லாமல், பெருந்துளிகளில்லாமல், விடாமல் பெய்யும் அடைமழையின் கணக்கு இதுதான். வளிமண்டலவியல் திணைக்களத்தின் சராசரிகளின்படி தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மட்டும் கினிகத்தேனையில் 3267 மில்லிமீற்றரும் வட்டவளையில் 3252 மில்லிமீற்றரும் பெய்கின்றன.

அதே காலத்தில் நுவரெலியாவுக்குக் கிடைப்பது 853 மில்லிமீற்றர். வட்டவளையிலிருந்து நேர்கோட்டில் 30 கிலோமீற்றருக்கும் குறைவான தூரம். உயரமோ மிக அதிகம். உயரம் கூடக் கூட மழையும் கூடும் என்று நினைப்பவர் இங்கேதான் தடுமாறுகிறார். கடலிலிருந்து வரும் காற்றின் ஈரத்தில் பெரும்பகுதி அடிப்படையில் தாழ்ந்த மட்டத்திலேயே இருக்கிறது. மேற்குச் சரிவின் முதல் ஏற்றத்திலேயே மழையாகக்கூடிய ஈரத்தில் பெரும்பகுதி பிழியப்பட்டுவிடுவதால், இடையிலுள்ள மலைத்தொடர்களைக் கடந்து நுவரெலியாவை எட்டும்போது மூடுபனிக்கும் தூறலுக்கும் போதுமான ஈரமே எஞ்சியிருக்கிறது. ஆகவே மலையியல் மழையின் உச்சத்தை மலையுச்சியில் தேடாதீர்கள், காற்றுமுகச் சரிவின் நடு உயரங்களில் தேடுங்கள்.

இப்போது காற்று முகட்டைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அமுக்கப்பட்டுச் சூடாகும். முகில் இல்லாததால் 100 மீற்றருக்கு முழு 1 பாகை வீதம் சூடாகும். 2000 மீற்றரிலிருந்து பதுளையின் ஏறத்தாழ 680 மீற்றருக்கு இறங்கினால் 13.2 பாகை கூடி 29.8 ஆகிறது. மேற்குப் பக்கத்தில் இதே உயரத்தில் அதே காற்று 22.5 பாகையில் இருந்தது. ஏறும்போது பாதி வேகத்தில் குளிர்ந்து, இறங்கும்போது முழு வேகத்தில் சூடானதால் வந்த வேறுபாடு ஏழு பாகைக்கு மேல். 15 கிராம் நீராவியோடு அவ்வளவு சூடான காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 53 வீதம் மட்டுமே. முகிலும் இல்லை, மழையும் இல்லை. பட்டிப்பொலச் சுரங்கத்தின் மறுபக்க வெயிலும், யூலையில் காய்ந்து கிடக்கும் ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளும், அதற்கும் அப்பால் மட்டக்களப்பு மக்கள் கச்சான் என்று சொல்லும் வறண்ட காற்றும் இந்தக் கணக்கின் விளைவுகள்.

உண்மையில் வேறுபாடு இந்தக் கணக்கை விடக் குறைவாக இருக்கும். ஒடுங்கிய நீர் எல்லாம் மழையாக விழுவதில்லை, ஒரு பகுதி முகிலாகவே முகட்டைக் கடந்துவிடும். காற்றில் ஒரு பகுதி ஏறாமல் மலையைச் சுற்றிப் போகும், ஒரு பகுதி அப்புத்தளை போன்ற கணவாய்களின் வழியே புகும். எந்தப் பக்கம் நனையும், எந்தப் பக்கம் காயும் என்ற திசையைக் கணக்கு சரியாகச் சொல்லும். எத்தனை பாகை என்பதை வெப்பமானியிடம் கேட்க வேண்டும்.

மலையும் காற்றும் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். யூலையிலேயே சில வாரங்களில் பருவக்காற்று தளர்ந்து வட்டவளையில் வெயில் அடிப்பதுண்டு. காற்றின் வேகம், அது கொண்டுவரும் ஈரப் படையின் தடிப்பு, சரிவை அது எவ்வளவு நேராக மோதுகிறது என்பவை குறைந்தால் மழையும் குறையும். டிசம்பரில் காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது காட்சி முழுவதும் இடம் மாறுகிறது: நக்கிள்ஸ் தொடரின் கிழக்குச் சரிவுகளும் ஊவாவின் கிழக்குப் பக்கமும் நனைகின்றன, மேற்குச் சரிவு மழையொதுக்குப் பிரதேசமாகிறது. மழையொதுக்கு என்பது ஓர் இடத்தின் நிரந்தரக் குணமன்று, காற்றின் திசையோடு அது மாறும்.

ஐந்தாம் படி: முகப்பு மழையை விலக்குதல்

முகப்பு மழைக்கு வெப்பநிலையில் தெளிவாக வேறுபட்ட இரண்டு வளித்திணிவுகள் அருகருகே வந்து சந்திக்க வேண்டும். துருவப் பக்கத்துக் குளிர்ந்த காற்றும் அயனப் பக்கத்துச் சூடான காற்றும் மோதும் இடை அகலக்கோடுகளில், குறிப்பாக வடமேல் ஐரோப்பாவில், அது நடக்கிறது. சூடான முகப்பில் காற்று மிக மெதுவான சாய்வில், 150 அல்லது 200 கிலோமீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் என்ற அளவில் ஏறுகிறது. அதனால் முதலில் மெல்லிய உயர் முகில்கள், பிறகு தடித்த படை முகில்கள், அதன் பின் பல மணி நேரத் தொடர்மழை என்று ஒழுங்காக வரும். குளிர் முகப்பில் சாய்வு செங்குத்தாக இருப்பதால் மழை கடுமையாகவும் குறுகியதாகவும் பெய்யும். முகப்பு கடந்ததும் வெப்பநிலை சில மணி நேரத்தில் பல பாகைகள் மாறிவிடுவதே இதற்கு மறுக்க முடியாத சான்று.

இலங்கையில் அத்தகைய முகப்புகள் இல்லை. 6 முதல் 10 பாகை வடக்கு வரையில் அமைந்த இத்தீவை அடையும் காற்றுகள் எல்லாம் வெதுவெதுப்பான கடலைக் கடந்து வந்து ஏறத்தாழ ஒரே வெப்பநிலையைப் பெற்றுவிடுகின்றன. மாணவர்கள் இதில் தவறுவதற்கு இரண்டு காரணங்களைக் காண்கிறேன். ஒன்று பெயர்க் குழப்பம்: இரு அரைக்கோளக் காற்றுகள் ஒன்றுசேரும் அயனவிடை ஒருங்கல் வலயத்தைப் பழைய நூல்கள் அயனவிடை முகப்பு என்று எழுதின. அங்கே ஒருங்கல் உண்டு, வெப்பநிலை வேறுபாடு இல்லை. ஆகவே அது முகப்பு அன்று. மற்றது, நவம்பர், டிசம்பரில் வங்காள விரிகுடாவின் தாழமுக்கங்களும் சூறாவளிகளும் நாள் முழுவதும் பெய்விக்கும் மழை, முகப்பு மழையைப் போலவே தோன்றுவது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி தீவைக் கடந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பெய்து மண்சரிவுகளை உண்டாக்கிய மழையும் அத்தகையதே. அங்கே காற்றைத் தூக்கியது தாழமுக்கத்தை நோக்கிய ஒருங்கல். அதே ஈரக்காற்று மலைச்சரிவிலும் மோதி ஏறும்போது மழை பன்மடங்காகிறது. குளிர்ந்த வளித்திணிவு எதுவும் அதில் இல்லை. பரீட்சையில் இதை முகப்பு மழை என்று எழுதாதீர்கள், சூறாவளி மழை என்று எழுதுங்கள்.

ஆறாம் படி: கலந்து வரும் நாட்கள்

குறிப்பேட்டில் எல்லா நாட்களும் ஒரே வகைக்குள் அடங்கமாட்டா. ஏப்ரல் மாத இடிமழை முகட்டின் மேலே முதலில் பிறக்கிறது என்று மேலே சொன்னேன். தூக்கியது வெப்பம்தான் என்றாலும் எங்கே தூக்க வேண்டும் என்பதைச் சரிவு முடிவு செய்தது. அதனால் அதை மேற்காவுகை மழை என்றே எழுதி, மலை அதற்குத் தூண்டுதல் என்று குறிப்பதே என் வழக்கம். ஐயம் வரும்போது இரவைப் பாருங்கள். சூரியன் மறைந்த பிறகு நிலம் தூக்கும் வேலையை நிறுத்திவிடும், பருவக்காற்று நிறுத்தாது. நள்ளிரவிலும் விடியற்காலையிலும் அதே சீரில் பெய்துகொண்டிருந்தால், இடி கேட்டிருந்தாலும் அந்த மழையின் காரணத்தை நிலத்தின் வெப்பத்தில் தேடுவது வீண். காற்றின் திசையைப் பார்த்து, மேற்கு என்றால் மலையியல் மழை என்றும், வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் அறிவிக்கப்பட்டிருந்தால் சூறாவளி மழை என்றும் எழுதலாம்.

மே மாதத்தின் நடுப்பகுதியில் இந்தச் சோதனை மிக நன்றாகப் பயன்படும். முதல் வாரத்துக் குறிப்புகளில் மழை பிற்பகல் இரண்டு மணியைச் சுற்றியே இருக்கும், இடி என்ற சொல் வரிக்கு வரி வரும். பிறகு ஒரு நாள் காற்று மேற்கிலிருந்து நிலைத்து வீசத் தொடங்கும். தொடக்க நேரம் காலைக்கும் இரவுக்கும் நகரும், நின்ற நேரம் என்ற இடத்தில் எழுத எதுவும் இருக்காது, பக்கத்து ஊரிலும் பெய்ததா என்று கேட்டால் ஆம் என்ற பதிலே திரும்பத் திரும்ப வரும். அந்த நாளின் திகதியை அடிக்கோடிட்டு வையுங்கள். உங்கள் சரிவில் மேற்காவுகை மழை ஓய்ந்து மலையியல் மழை தொடங்கிய நாள் அதுவே.